உற்றார் உறவினருக்கு அரை கிலோ இலவசம்

அழைப்பிதழை நான் எழுதுகிறேன் என்று தினகரனாகத்தான் போய்த் தலையைக் கொடுத்தான். யாரும் கேட்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பவன். அவனுக்கு ஒரு கடைத் திறப்பு விழா அழைப்பிதழ் எழுத வராதா என்ன?

மனைவி வரலட்சுமிக்கு இதிலெல்லாம் மூக்கை நுழைக்க நேரமில்லை. பட்டாபிராமில் வீட்டுச் சமையலறையிலேயே வருஷக்கணக்காக மாவாட்டி, எதிரே இருந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றுச் சேர்த்த காசில், அவள் தெருமுனையில் ஒரு கடையைப் பிடித்திருந்தாள். பெரிய கிரைண்டர் வாங்கியாகிவிட்டது. குளிர்ப்பெட்டியும் வந்துவிட்டது. அழைப்பிதழைப் பற்றி அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு கிலோ மாவு வாங்கினா அரை கிலோ ஃப்ரீன்னு போடு. வேற எதுவும் உன் மூளையில இருந்து சேக்காத."

தினகரன் சேர்க்கவில்லை. எடுத்தான். 'வாங்கினால்' என்ற சொல் அவன் கண்ணை உறுத்தியது. வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்துவிட்டு வாசலிலேயே காசைக் கேட்பதுபோல இருந்தது. மரியாதையாக இருக்கட்டும் என்று இப்படித் திருத்தினான்:

"திறப்பு விழாச் சலுகை: அன்று வருகை தரும் அண்டை வீட்டார், உற்றார் உறவினர் அனைவருக்கும் அரை கிலோ இட்லி மாவு இலவசம். குடும்பத்தோடு வருக."

அதோடு விட்டானா? நடுவில் கிரைண்டரின் படத்தைப் பெரிதாக வைத்தான். அது பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்ற இடத்தில் பெயர் போட இடம் குறைந்துவிட்டது. குளிர்ப்பெட்டியைத் தவணையில் எடுத்துக் கொடுத்த மச்சான் லோகேஷின் பெயரைப் போட்டான். தன் பெயர், வரலட்சுமி பெயர். வெள்ளானூரில் இருக்கும் பெரியப்பா கலியமூர்த்தி, அப்பா வீரராகவன் போன பிறகு குடும்பத்துக்கே மூத்தவர், எந்தப் பத்திரிகையானாலும் முதல் பெயராக இருக்க வேண்டியவர், 'மற்றும் உறவினர்கள்' என்பதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார். போனில் காட்டியபோது வரலட்சுமியின் இரண்டு கையிலும் மாவு. எட்டிப் பார்த்தாள், கிரைண்டரைப் பார்த்தாள், சரி என்றாள். அன்றைக்கே வாட்ஸப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டது. கடை வாசலுக்கு அதையே பேனராகவும் அடித்துக் கட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை. ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம். ஐயர் பூஜையை முடித்து, பூசணிக்காய் உடைத்து, தட்சிணை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குக் கிளம்பிவிட்டார். வரலட்சுமி பட்டுப்புடவையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். கல்லாவுக்குள் ஒரு மஞ்சள் துணி மட்டும் விரித்திருந்தது.

"போணிக் காசு அதுலதான் போடணும்," என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். "நல்ல நேரத்துக்குள்ள. கைக்காசு. கடன் கெடயாது, போன்ல தட்டி வுடறதும் கெடயாது. அது மட்டும் நடந்துட்டா நான் நிம்மதியா இருப்பேன்."

கூட்டம் வந்தது. வராமல் என்ன செய்யும்? வெள்ளானூர் உறவு முழுவதும் வேன் பிடித்து வந்தது. எல்லாரும் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு பாக்கெட் மாவு எடுத்துக்கொண்டார்கள். பின்னாலேயே அடுக்குமாடிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டாவது மாடி நிவேதிதா, கோயம்புத்தூர்க்காரி, தவறாமல் தினமும் ஒரு கிலோ வாங்குகிறவள், சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"கூட ஒரு கிலோ போடட்டா கண்ணு?" என்று வரலட்சுமி ஆசையாகக் கேட்டாள்.

"வேண்டாங்க்கா. இந்த அரை கிலோவே எங்க ரெண்டு பேருக்கு நாளைக்கு வரைக்கும் வருங்க. சேத்து வாங்கினா புளிச்சுப் போயிடுமுங்க."

நியாயம்தான். சோப்பா, சீப்பா, வாங்கி அடுக்கி வைக்க? மாவு. ஓசியில் கிடைத்த வீட்டில் அன்றைக்குக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? வரலட்சுமி அப்போதுதான் வெளியே வந்து பேனரை நிதானமாகப் படித்தாள். 'வாங்கினால்' எங்கே என்று தேடினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். கலியாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்து அவன் கண்டதில்லை.

"இன்னா எழுதி வச்சிகீற?"

"மரியாதையா இருக்கட்டும்னு..."

"மரியாதைய மஞ்சத் துணியில முடிஞ்சி வைக்கவா? போட்டது போட்டாச்சி, இனிமே இல்லன்னு சொன்னா அசிங்கம். சொந்தக்காரனும் இல்லாம பக்கத்து ஊட்டுக்காரனும் இல்லாம ஒருத்தன இட்டுகினு வா. காசு குடுத்து வாங்கணும். போ."

அப்படி ஒரு மனிதனைப் பட்டாபிராமில் தேடிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பழைய ஊர்க்காரன் எவனாக இருந்தாலும் இரண்டு கேள்வியில் மாமனோ மச்சானோ ஆகிவிடுவான். புதிதாக வந்தவன் எவனாக இருந்தாலும் அந்த அடுக்குமாடியில்தான் குடியிருப்பான். தினகரன் ரோட்டில் இறங்கி நின்று ஒரு ஆட்டோவை மறித்தான். ஓட்டியவன் பெயர் கஜபதி என்று கண்ணாடியில் எழுதியிருந்தது.

"அண்ணாத்தே, எந்த ஏரியா நீங்க?"

"மண்ணூர்பேட்ட. இன்னா விசயம்?"

தினகரனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. மண்ணூர்பேட்டை எங்கே, இது எங்கே. "புதுக்கட தொறந்துகீறோம். ஒரு பாக்கெட் மாவு போணி பண்ணுங்க."

கஜபதி பேனரைப் பொறுமையாகப் படித்தான். "அண்ட வூட்டாருக்கு ஃப்ரீன்னு போட்டுகீதே."

"நீங்க மண்ணூர்பேட்டையாச்சே."

"அதுவும் இதே ரயில் லைன்தானே நைனா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் வரிசையில் நின்றான்.

தினகரன் அவன் பின்னாலேயே ஓடி, சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவன் கையில் திணித்து, "இத குடுத்து வாங்கு, போதும்," என்று காதில் கெஞ்சினான். கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"உன் பாக்கெட்டு காசு என் கல்லாக்கு வந்தா அது போணியா? இதுக்கு நீயே வாங்கிக்கலாமே."

வரிசையே திரும்பிப் பார்த்தது. கஜபதி நோட்டை மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தான். கடிகாரங்களுக்குப் பஞ்சமில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. வரலட்சுமி இப்போது திட்டக்கூட இல்லை. பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், கண் மட்டும் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் தினகரனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் கை நோக ஆட்டிச் சேர்த்தவளுக்கு, ஒரே ஒரு ஆசையைக்கூட ஒழுங்காக நடத்திக் கொடுக்கத் துப்பில்லாமல் போய்விட்டதே.

இதற்கு நடுவில் இன்னொரு தலைவலி எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா கலியமூர்த்தி. பெயர் போடாத விழாவுக்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் அவர் வரவில்லை என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக வெள்ளானூரிலிருந்து வண்டி போட்டு வந்து, கடைக்கு நேர் எதிரே பெஞ்சில் அமர்ந்து, காலையிலிருந்து வராமல் இருந்துகொண்டிருந்தார்.

சரி, இதையாவது சரிசெய்வோம் என்று தினகரன் ஒரு பாக்கெட் மாவை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

"பெரிப்பா, கோச்சிக்காதீங்க. இந்தாங்க, உங்களுக்குத்தான்."

"இன்னாது இது?"

"மாவு. எல்லா ஒறவுக்கும் குடுக்கறோம்."

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது. பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒறவா? நான் உனக்கு இன்னா ஒறவு? கிரைண்டருக்கு எடம் கீது, எனக்கு எடம் இல்ல. அப்ப அந்தக் கிரைண்டர பெரிப்பான்னு கூப்புடு. ஓசி மாவு துன்ற நெலமையில நான் இல்ல. எனக்கும் உனக்கும் ஒண்ணும் கெடயாது. ஊர்ல போற எவனோ ஒருத்தன்தான் நானு."

"பெரிப்பா, அப்பிடி சொல்லாதீங்க..."

"நவுரு. காசு குடுத்து வாங்கறேன். யாருக்கும் ஓசியில கடமப்பட மாட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். வெள்ளானூர் கூட்டம் பதறிப்போய் வழிவிட்டது. அவர் கல்லா முன்னால் நின்று, இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

"ஒரு கிலோ. காசுக்கு."

தினகரன் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தான். பெரியப்பாவின் கையைப் பிடித்து, உங்களிடம் போய்க் காசா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். வரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வாய் தானாக மூடிக்கொண்டது. ஆனால் கூட்டத்தின் வாயை யார் மூடுவது? பின்னாலிருந்து ஒரு அத்தை ஆரம்பித்தாள்.

"அய்ய, பெரியவர்கிட்ட போயி காசு வாங்குவாங்களா? அவரு நம்ம..."

"அவரு யாரோ, இன்னாவோ," என்றான் தினகரன் சத்தமாக. "நமக்கு ஒறவு இல்லன்னு அவரே சொல்லிட்டாரு. நீ சும்மா இரு அத்த."

சொல்லும்போது அவனுக்கு நாக்கு கூசியது. தூக்கி வளர்த்த மனிதர். பெரியவரின் முகம் சட்டென்று வாடிப்போனதை அவன் பார்த்தான். தான் சொன்னதையே இன்னொருவன் ஒப்புக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நீட்டிய கை கொஞ்சம் இறங்கியது. இறங்குவதற்குள் வரலட்சுமி இரண்டு கையாலும் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, கல்லாவின் மஞ்சள் துணியில் வைத்து மூடினாள். பத்தே காலுக்கு இன்னும் சில நிமிஷம் இருந்தது. ஒரு கிலோ பாக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் அவர் கையில் கொடுத்தாள். கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள், பட்டுப்புடவையோடு அவர் காலில் விழுந்தாள்.

"மாமா, ஆசிர்வாதம் பண்ணுங்க. உங்க கையாலதான் போணி ஆயிகீது. உள்ள வாங்க."

பெரியவர் அசையவில்லை. "இப்ப மாமாவா?"

"எப்பவும் மாமாதான். மின்னாடியே மாமான்னு சொல்லியிருந்தா நீங்க காசு குடுத்திருப்பீங்களா, நான் வாங்கியிருப்பேனா? காலையிலருந்து ஒருத்தரும் பத்து காசு குடுக்கல மாமா." அதைச் சொல்லும்போது அடக்கி வைத்த அழுகை வந்தேவிட்டது.

தினகரனும் பக்கத்தில் விழுந்தான். "எம்மேல தப்பு பெரிப்பா. எல்லாமே எம்மேலதான் தப்பு."

"அது ஊருக்கே தெரியும்," என்றார் பெரியவர். குனிந்து வரலட்சுமியின் தலையில் கை வைத்தார். இன்னொரு கையிலிருந்த மாவுப் பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, பேனரை முதல்முறையாக ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும், தினகரனை எழுந்திருக்கச் சொல்லாமலே கேட்டார்.

"அப்ப எனக்கு வரவேண்டிய ஓசி அரை கிலோ எங்கடா?"