மூன்றாவது இன்புட்

டிவி வாங்கிய அன்று கணவர், "உனக்கு என்ன பார்க்கணும்?" என்று கேட்டார். "நீங்க பார்க்கறதே போதும்" என்றாள். அவரும் அதை அப்படியே நம்பிவிட்டார்.

இன்று, டிவியோடு கூடவே வந்த வேண்டாத ஆப்களையெல்லாம் முகப்பிலிருந்து மறைத்துவிட்டு, மற்ற பெட்டிகளைச் செருகும் மூன்று இன்புட்டுகளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார். செட்டாப் பாக்ஸுக்கு 'அப்பா'. கேம் பெட்டிக்கு 'மகன்'.

"அப்போ நான்?" என்றாள், சமையலறை வாசலில் நின்றபடி.

"மூணாவதுல ஒண்ணுமே செருகலையே! பிள்ளை பிறக்கும் முன்னாடியே பேரு வைக்கச் சொல்றியே."

"காலியா இருந்தா என்ன? இந்த வீட்டுல நானும் அப்படித்தானே இருக்கேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அருகில் வந்து, ரிமோட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பேரெல்லாம் வேண்டாங்க. ஒரு நாளாவது என் பக்கத்துல உட்கார்ந்து, எனக்குப் பிடிச்ச படத்தை முழுசாப் பாருங்க."