என் முகத்துக்கு விழுந்த கிளிக்குகள்

என் சூரைமீன் ஊறுகாய்க்கு மூன்று விளம்பர வீடியோக்கள் போட்டோம். முதல் மூன்று நொடிதான் வேறு: ஒன்றில் குலுங்கும் படகு, ஒன்றில் கொதிக்கும் எண்ணெயில் விழும் மீன் துண்டு, ஒன்றில் என் முகம். மீதி ஒன்றே. படகு குலுங்கும் வீடியோவைப் பலர் கடைசிவரை பார்த்தார்கள், ஆனால் ஆர்டர் பட்டனைத் தொட்டவர்கள் சொற்பம். என் முகத்தில் தொடங்கியதற்கே கிளிக் அதிகம். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

விளம்பர வேலையைப் பார்த்துக்கொள்ளும் பிரிஸ்கில்லா ஊர்வாரியாகப் பிரித்துக் காட்டினாள். "அச்சா, அக்கா, இதுல முக்கால்வாசி நம்ம போர்ட் பிளேர்தான். சர்ச் குரூப்ல லிங்க் போட்டீங்களா?"

போட்டிருந்தேன்.

"அவங்க உங்க முகத்துக்காகத் தட்டினவங்க, ஊறுகாய்க்காக இல்ல. அவங்களை விட்டுட்டுப் பார்த்தா, கடல் தாண்டி மெயின்லேண்ட்ல, எண்ணெயில மீன் விழுற வீடியோக்குத்தான் கிளிக். ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் நம்பலாம்."

ஒரு வாரம் கழித்தும் அதுவே முந்தியது. பிரிஸ்கில்லாவைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும், எனக்காக ஆர்டர் பட்டனைத் தட்டிய அத்தனை பேரையும் கும்பிட்டேன். "உங்க அன்பை மறக்க மாட்டேன். இனிமே மட்டும் தட்டாதீங்க."