டாக்டரின் எட்டு ஸ்லைடுகள்

குஜிலியம்பாறையில் கால்நடை மருத்துவமனை நடத்தும் டாக்டர் ஆனந்த்ராஜுக்காகத் தான் வடிவமைத்துக்கொண்டிருந்த கரோசலின், ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் படப் பதிவின், வரைவைத் தமிழ்நிலா மறுபடியும் திறந்தாள். எட்டு ஸ்லைடு. எட்டிலும் விளிம்பு வரை எழுத்து. அவள் வெட்டி அனுப்பிய பத்திகளெல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்திருந்தன.

காய்ந்து கிடந்த மானாவாரிச் சோளத்தின் மேல் முந்தாநாள் மழை பெய்திருந்தது. அறுத்த கட்டைகளில் துளிர் கிளம்பும். அந்தத் துளிரில் விஷம்; மேய்கிற மாடு மூச்சுத் திணறி விழும். அதற்கு முன் பதிவு இன்ஸ்டாகிராமில் போயாக வேண்டும் என்றுதான் டாக்டர் திண்டுக்கல்லுக்கே கிளம்பி வந்து, அவளுடைய சின்ன அலுவலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அம்புட்டும் முக்கியம்மா. எதை எடுக்கச் சொல்றீங்க?"

தமிழ்நிலா வரைவை ஒரு சோதனைக் கணக்கில் ஏற்றி, தன் போனில் திறந்து அவரிடம் நீட்டினாள். "நாலாவதை வாசிங்க சார்."

அவர் கண்ணைச் சுருக்கினார். இரண்டு விரலால் விரித்தார். எழுத்து பெரிதானது. விரலை எடுத்ததும் பழையபடி சுருங்கிக்கொண்டது. மறுபடி விரித்தார்.

"நிக்க மாட்டேங்குதே."

"நிக்காது சார். எழுதுன உங்களுக்கே இந்தப் பாடு. பால் கறந்துட்டு போனைத் தள்ளிக்கிட்டு இருக்கிறவரு பாப்பாரா?"

"அப்ப நீங்க வெட்டினது மட்டும் சரியா?" டாக்டர் அவள் முன்பு சுருக்கி அனுப்பிய ஸ்லைடைக் காட்டினார். 'சோளம் மாட்டுக்கு ஆபத்து' என்று பெரிதாக இருந்தது. "இதைப் பாத்தா, ஒண்ணும் செய்யாத முத்தின தட்டையையும் போடாம விட்டுருவாங்க. வெயில் காலத்துக்கு வேற என்னத்தைக் குடுப்பாங்க? பட்டினி போடச் சொல்றீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தன் மேலேயே எரிச்சல் வந்தது, அவர் மேலும்தான்.

"எட்டுப் பக்கமும் ஒரே சத்தமா இருந்தா, எது விடக்கூடாத வார்த்தைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

தெருவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவள் விசைப்பலகையைத் தொடாமல் காத்திருந்தாள். டாக்டர் நாற்காலியில் இரண்டு தடவை அசைந்தார்.

"பூக்காத சோளம்" என்றார் கடைசியில். "பயிரானாலும் சரி, கட்டையில துளுத்ததானாலும் சரி. பூக்காததுல மேய விடக்கூடாது. விழுந்துட்டா கை வைத்தியம் பாக்காம உடனே டாக்டரைக் கூப்பிடணும்."

அவள் தட்டினாள். மூன்று ஸ்லைடில் முடிந்தது. நாலாவதில் அவருடைய போன் நம்பர்.

"விஷம் எப்படி உண்டாகுதுன்னு நான் எழுதினது?"

"படத்துக்குக் கீழ போடுறேன் சார், பதிவோட விளக்கத்துல. முழுசா இருக்கும்."

"அது ரெண்டு வரிக்கு மேல மடிஞ்சுல்ல கிடக்கும். யாரு தொட்டுப் பாப்பா?"

"தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறவங்க."

டாக்டர் தன் பழைய எட்டையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதியது. முகம் தெளியவே இல்லை.

"போடுங்க" என்றார், அவளைப் பார்க்காமல்.