எட்டுக் கால் சிப்

“ஏட்டி, பயாஸ் அப்டேட் ஓடும்போ சார்ஜர உருவுனியா?”

அண்ணன் பிரைட்டன் கேட்டபோது ரெஜிஷா தலையாட்டினாள். பயாஸ்தான் லேப்டாப்பை முதலில் எழுப்பும் நிரல். பேட்டரி செத்த லேப்டாப் அது, அவர்களுடைய ரிப்பேர் கடைக்கு வந்த ஒருவருடையது. அதன்பின் திரையே வரவில்லை.

“நீயே உயிர் குடு. வரலேன்னா இனி போர்டத் தொடாண்டாம். பில்லு போட்டா போதும்.”

அவள் பேட்டரியையும் நாணய பேட்டரியையும் கழற்றினாள். பயாஸ் பதிந்திருந்த எட்டுக் கால் சிப்பில் புள்ளியிருந்த முனைக்கு கிளிப்பின் சிவப்பு வயர் வருமாறு கவ்வவிட்டு, கிளிப்போடு இணைந்த, சிப்பைப் படித்து எழுதும் புரோகிராமர் கருவியைக் கடைக் கணினியில் செருகினாள். சிப்பிலிருந்ததை இரண்டு தடவை படித்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை.

“எழுதிருட்டி. நேரமாவுது.”

“கிளிப்பு சரியா பிடிக்கல்ல அண்ணா. இப்போ எழுதினா அதுவும் தப்பாத்தான் போவும்.”

கிளிப்பை எடுத்து, கால்களைத் துடைத்து, மறுபடி கவ்வவிட்டாள். இப்போது இரண்டும் ஒன்றாக இருந்தன. அதைப் பத்திரப்படுத்தினாள். அதிலிருந்த அந்த லேப்டாப்பின் சீரியல் நம்பரை, கம்பெனி தளத்திலிருந்து இறக்கிய புதிய பயாஸ் கோப்பில் சேர்த்தாள். பிறகு சிப்பை அழித்து, எழுதி, சரிபார்த்தாள். பிழையில்லை.

கிளிப்பைக் கழற்றி, பேட்டரிகளை மாட்டி, சார்ஜரைச் செருகிப் பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. திரை வெகுநேரம் கறுப்பாகவே இருந்து, பிறகு கம்பெனிப் பெயரோடு ஒளிர்ந்தது.

பிரைட்டன் அலமாரியிலிருந்து செத்துக் கிடந்த இன்னொரு போர்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனான்.