ஆறாவது டைல்ஸில் கிராஃப்

மேட்டுப்பாளையத்துப் பாட்டில் மூடி கம்பெனிக்கு, மூடி வாங்குகிறவர்கள் ஆறு பேர் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துப் புரொஜெக்டர் உயிரை விட்டது. தரப்பிரிவு பூர்ணிமாதான் அவர்களுக்கு விளக்க வேண்டும். பன்னிரண்டு ஸ்லைடும் மனப்பாடம்தான். ஆனால் எதில் நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமே!

தரையைப் பார்த்தாள். "ஒரு டைல்ஸ், ஒரு ஸ்லைடு!" என்று அறிவித்துவிட்டு முதல் கட்டத்தில் ஏறி நின்றாள்.

ஆறாவதில் கிராஃப். கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். "ஜனவரியில நூத்துக்கு எட்டு மூடி கோணல். அச்சுல ஆறவிடுற நேரத்த ரெண்டு செகண்ட் கூட்டினோம்." கை சரிந்து இடுப்புக்கு வந்தது. "மார்ச்சுல ரெண்டுதான்."

அவள் பத்தாவது கட்டத்துக்குப் போனபோது, வந்தவர்களில் மூத்தவர், "அந்த கிராஃபுக்குத் திரும்பப் போங்க மேடம்," என்றார். பூர்ணிமா நாலு கட்டம் பின்னால் குதித்தாள். அறையே சிரித்தது. அவளுக்கும் குஷி தலைக்கேறியது.

மூத்தவர் நோட்டோடு எழுந்து கிட்டே வந்தார். "பிப்ரவரி எங்க?"

அவள் தோளைத் தொட்டுக் காட்டினாள். "இங்க சார். அஞ்சு."

அவர் தோளை உற்றுப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

அப்போது கேன்டீன்கார பாவாடை அண்ணன் டீத் தட்டோடு உள்ளே நுழைந்து, நேராக ஆறாவது கட்டத்தை நோக்கி நடந்து வந்தார்.

"அண்ணே, கிராஃப மிதிச்சிடாதீங்க!" ஆறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

பாவாடை ஒற்றைக் காலில் நின்றுவிட்டார்.