காய்ச்சல் விட்ட ஆள்

"நிப்பாட்டாதீங்கண்ணே! வெரசா விடுங்க!"

மாயக்காள் போட்ட சத்தத்தில் ஜீப்பு ஒருமுறை குலுங்கி மறுபடி வேகமெடுத்தது. அவளுடைய ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. மறு கை நாத்தனார் அய்யம்மாளின் முதுகைத் தாங்கியிருந்தது. போடிமெட்டிலிருந்து இறங்கும் பாதையில் வளைவுக்கு வளைவு ஏலக்காய் மூட்டைகள் சரிந்து வந்து முதுகில் முட்டின.

அய்யம்மாளால் சாயக்கூட முடியவில்லை. குத்துக்காலிட்டு, கைகளை முட்டியில் ஊன்றி, தோளை மேலே தூக்கித் தூக்கிக் காற்றை இழுத்தாள். மூச்சு வெளியே வரும்போது நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதினார்கள்.

"மதினி, பேசு மதினி. ஏதாச்சும் ஒரு வார்த்தை சொல்லு."

"தண்... ணி..." அதற்கே அவளுக்கு இரண்டு மூச்சு செலவானது.

டிரைவர் மொக்கையன் திரும்பாமலேயே கத்தினான். "நான் எங்கே நிப்பாட்டுறேன்? உன் புருஷன் துப்பித் துப்பி வண்டியெல்லாம் செவப்பாக்கிட்டான். பெரிய மாப்பிள்ளை ஊர்வலம் போறாரு, வாய் நிறைய வெத்தலை!"

மூட்டைகளின் மேல் மகள் சந்திரவல்லியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வீரணன் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"ஏங்க, அக்கா மூச்சு நிக்கப் போகுது. இப்பக்கூட உங்களுக்கு வெத்தலை கேக்குதா?" என்று எரிந்து விழுந்தாள் மாயக்காள்.

வீரணன் எங்கோ பார்த்தான். "மாயக்கா, வண்டி ஏன் மேலே போகுது? போடிக்குக் கீழேயில்ல போகணும்?"

"கீழேதான் போகுது. கேலி பேசுற நேரமா இது?"

அந்த வருஷம், ஐம்பத்தேழில், சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலேறி மதராசில் இறங்கிய ஃப்ளூ காய்ச்சல் ரயிலேறி, பஸ்சேறி, கடைசியில் ஜீப்பேறி ஏலமலைக்கும் வந்துவிட்டிருந்தது. தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு வீடு ஆள் சாய்ந்தது. காய் பறிக்கிற காலம். வெளியே மழையும் குளிரும். கங்காணி பால்சாமி ஒரு வழி சொன்னார்: "ஸ்டோரில் போய்ப் படுங்க. கணகணன்னு இருக்கும்."

ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகெரிப்பார்கள். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றி வரும். குழாயில் விரிசல் இருந்ததால் சூட்டோடு புகையும் வந்தது. இளைப்பு நோய்க்காரியான அய்யம்மாளுக்கு ஃப்ளூ கண்டதும், கம்பளி போர்த்தி அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தவளே மாயக்காள்தான். குளிர் படக்கூடாது என்றுதான் செய்தாள்.

குழந்தை சந்திரவல்லிக்குக் காது வலி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினாள். அலறிக்கொண்டிருந்த பிள்ளை விடியற்காலையில் சட்டென்று அடங்கியது. தலையணையில் மஞ்சளாகச் சீழ்.

வீட்டிலேயே வீரணன் ஒருவன்தான் தேறியவன். அவனுக்குத்தான் முதலில் காய்ச்சல் வந்தது, முதலில் விட்டது. விட்டதும் தலைக்குக் குளித்துவிட்டு ஸ்டோர் அடுப்புச் சோலிக்குப் போய்விட்டான். முந்தாநாள் மறுபடி குளிர் நடுக்கம். "மழையில நனைஞ்சேன், அதான்" என்றான். விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "மூட்டை தூக்கினதுல பிடிச்சுக்கிச்சு" என்றான். அக்காளை ஜீப்பில் தூக்கிப் போட்டவனும் அவனே.

போடி வந்தது. டாக்டர் காசிராஜன் வீட்டு வாசலில் தெரு வரைக்கும் இருமிக்கொண்டு கூட்டம். மாயக்காள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அய்யம்மாளை உள்ளே இழுத்துப் போனாள்.

டாக்டர் ஒரே பார்வை பார்த்தார். ஊசியை எடுத்து அய்யம்மாளின் கையில் தோலுக்கடியில் மருந்தேற்றினார்.

"எங்கே படுக்கவெச்சிருந்தீங்க?"

"ஸ்டோர்லங்க. சூட்டுக்கு."

"புகையிலயா? ஏம்மா, ஆஸ்துமாக்காரிக்கு ஃப்ளூ வந்தாலே மூச்சுக்குழல் வீங்கிக்கும். அதுல புகையையும் ஊட்டுவியா?"

"தெரியலீங்க. விசிலடிக்கிறதைக் கேட்டாத்தான் பயமா இருக்கு."

"விசில் கேக்குற வரைக்கும் காத்து போயிட்டு வருதுன்னு அர்த்தம். ஆள் திணறிக்கிட்டே இருக்கறப்ப சத்தம் நின்னா, அப்பத்தான் பயப்படணும்."

கொஞ்ச நேரத்தில் அய்யம்மாளின் தோள் தாழ்ந்தது. "மாயக்கா..." என்றாள், ஒரே மூச்சில். மாயக்காள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

டாக்டர் குழந்தையின் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "உள்ளே சீழ் கோத்து, செவிப்பறை கிழிஞ்சு வழிஞ்சிருக்கு. அதனாலதான் வலி விட்டிருக்கு. நோய் விடலை. பென்சிலின் போடுறேன். இனி எண்ணெய், பால்னு ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. காதுக்குப் பின்னால வீங்கினா உடனே கூட்டிட்டு வா. பிழைச்சுக்குவா."

இரண்டு உயிரும் பிழைத்துவிட்டன. மாயக்காள் மலை மேலிருக்கும் தன் குலசாமியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேற யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுப்போச்சு."

டாக்டர் கதவோரம் பார்த்தார். பார்த்தவர் எழுந்தே விட்டார். வீரணன் பெஞ்சில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தான். சத்தமில்லாத மூச்சு, ஆனால் நாய்க்குட்டி இளைப்பது போல வேகம். மூச்சுக்கு மூச்சு மூக்கு விடைத்தது. உதடு நாவல்பழம் தின்றவனுடையதைப் போல நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். முதுகில் விரலால் தட்டினார். வலப்புறம் கீழே, மண் நிரம்பிய பானையைத் தட்டினது போலச் சத்தம் செத்துக் கேட்டது.

"காய்ச்சல் விட்டு மறுபடி வந்துச்சா?"

"முந்தாநாள் நடுங்கினாருங்க. மழையில..."

"மழையில்லம்மா. ஃப்ளூ இறங்கினவன் மறுபடி குளிர்ந்து நடுங்கினா, மூச்சு விட்டா விலா குத்தினா, பேச்சு மாறினா, அது நிமோனியா. நுரையீரல் கெட்டிப்பட்டுப்போச்சு. சளி என்ன நெறம்? துரு மாதிரியா? ரத்தமா?"

மாயக்காள் பதறிப்போனாள். "ரத்தமெல்லாம் இல்லீங்க சாமி! அப்படிச் சொல்லாதீங்க. ரத்தம்னா லயத்துல இருக்க விட மாட்டாங்க. போன வருஷம் சோணை குடும்பத்தைக் காசம்னு சொல்லி ஒரே நாள்ல இறக்கி விட்டுட்டாங்க. இவரு வெத்தலை போட்டுத் துப்புவாரு, அவ்வளவுதான்."

டாக்டர் மறுபடி ஊசியைக் கையில் எடுத்தார். வீரணனுக்குப் பென்சிலின் ஊசி போட்டார். "மதுரைக்குப் போகணும். அங்கேதான் ஆக்சிஜன் இருக்கு. டிரைவரை மூட்டையை இறக்கச் சொல்லு."

மொக்கையன் ஓடினான். அவன் மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள், வீரணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப்பார்த்தான்.

"அக்கா எந்திரிச்சுட்டாளா?"

"எந்திரிச்சுட்டா. பேசுறா."

"பாப்பா?"

"தூங்குது."

"அப்ப சரி" என்றான். ஜீப்பின் படியில் அவனைத் தூக்கி வைத்தபோது அவனிடம் மூச்சில்லை.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்த நேரத்தில் கம்பவுண்டர் வந்து, அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த சுருக்குப் பையை மாயக்காளின் கையில் கொடுத்தான். கை தன்னால் பையை விரித்தது.

உள்ளே வெற்றிலைக் கட்டு. அவனுக்குக் காய்ச்சல் வருமுன் சந்தைக்குப் போய் அவள்தான் வாங்கி, வாழைநாரில் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தாள். வெற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்து அழுகிப்போயிருந்தன.

அவள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.