எண்பத்தேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

எங்கள் கல்லூரியில் முட்டாள்தனத்துக்கென்று தனி அறை கிடையாது. இருக்கிற அறைகளையே அது பகிர்ந்துகொள்கிறது. புதன்கிழமை மதியம் நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூட்ட அறையின் முறை. அங்கேதான் ஆய்வேட்டு நேர்மைக் குழு கூடும். அந்தக் குழுவுக்கு ஒரு புள்ளியியல் ஆசிரியர் வேண்டுமாம். எண்ணைக் கண்டால் பயப்படாத ஆள் ஒருத்தராவது இருக்கட்டும் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் பயப்படவில்லை. எரிச்சல்தான் வந்தது.

தலைவருக்கு 'அடிக்கோடு' என்று பெயர் வைத்திருந்தோம். எந்தத் தாளைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பிப்பார். பக்கத்தில் நூலகர். எந்திரம் எழுதியதா, மனிதர் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டுகிறவர் அவர்தான். சந்தா கட்டி வாங்கிய பொருள் என்பதால் அதன்மேல் அவருக்கு மாப்பிள்ளை மரியாதை.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். பல வருஷம் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. முதுகலைப் பட்டம் கையில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் இந்தப் பருவத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் பின்னக் கணக்கில் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வேடு. நான் படித்தேன். நன்றாகவே இருந்தது. 'நான்கில் ஒன்றைவிட எட்டில் ஒன்று பெரிது, ஏனென்றால் எட்டு பெரிது' என்று ஒரு பையன் வாதாடுகிற இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். எந்த எந்திரமும் அந்தப் பையனோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியிருக்காது.

ஆனால் எந்திரம் எழுதியது என்பதற்கு மென்பொருள் போட்ட மதிப்பெண் நூற்றுக்கு எண்பத்தேழு. இருபதுக்கு மேல் போனால் ஆய்வேடு தள்ளுபடி என்பது விதி. இருபது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு வரம்பு வேணும்ல" என்றார் அடிக்கோடு.

அவளிடமும் ஒரு தாள் இருந்தது. சமர்ப்பிக்கும் முன் அவளுடைய வழிகாட்டி இதே மென்பொருளில் போட்டுப் பார்த்ததன் நகல். அதில் பத்தொன்பது.

"அதே ஃபைல்தான் சார். ஒரு எழுத்துகூட மாத்தல."

"மாத்தாம எப்படிம்மா பத்தொன்பது எண்பத்தேழாகும்? மிஷின் என்ன, தூக்கத்துல உளறுதா?" என்றார் அடிக்கோடு.

உளறுவதுதான் அதன் தொழிலே என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு, நூலகரிடம் எங்கள் கண்ணெதிரே ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னேன். அவர் ஃபைலைத் திறந்தார், எல்லாவற்றையும் நகலெடுத்தார், வேறொரு பக்கத்தில் ஒட்டினார், ஏதோ இரண்டு விசையைத் தட்டினார். அப்புறம்தான் மென்பொருளில் போட்டார். எண்பத்தேழு.

"நடுவுல என்ன பண்ணீங்க?"

"க்ளீன் பண்ணேன் மேடம். எல்லா ஃபைலுக்கும் பண்றதுதான். இந்தம்மா ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கு அப்புறமும் ரெண்டு ஸ்பேஸ் விட்டிருக்காங்க. பாக்க அசிங்கமா இருக்கும். ஒண்ணாக்கிடுவேன்."

"யாரு பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல. சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

துடைக்காமல் அப்படியே போடச் சொன்னேன். பத்தொன்பது வந்தது. நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலே இருந்த மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேலை பார்த்தது அது மட்டும்தான்.

எனக்கு உற்சாகம் பற்றிக்கொண்டது. கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து, ஒரு காற்புள்ளியை நீக்கினேன், எண் ஏறியது. வளைந்த மேற்கோள் குறியை நேர் குறியாக்கினேன், இறங்கியது. வரிகளை நடுவில் உடைத்துப் போட்டேன்; இன்னும் இறங்கியது. பிறகு அடிக்கோடு போன வாரம் கையால் எழுதி எனக்கு அனுப்பியிருந்த சுற்றறிக்கையைத் தட்டி உள்ளே போட்டு, முற்றுப்புள்ளிகளுக்குப் பின் இரட்டை இடைவெளி விட்டேன். அதற்கு எண் குறையவில்லை, கூடியது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் அதன் அழகு.

"இது படிக்கறது இல்ல சார்" என்றேன். "எழுத்தைத் துண்டு துண்டா நறுக்கிக்கும். இதுவரைக்கும் வந்ததை வச்சு, அடுத்த துண்டு என்னவா இருக்கும்னு ஊகிக்கும். ஊகம் லேசா பலிச்சுக்கிட்டே இருந்தா, மிஷின் எழுதுன மாதிரி இருக்குன்னு சொல்லும். ஒரு ஸ்பேஸ் கூடினா நமக்கு ஒண்ணுமில்ல, அதுக்கு நறுக்கற இடமே மாறிடும். ஒண்ணு மாறினா அதுக்குப் பின்னாடி வர்ற ஊகமும் ஆடும், ஏன்னா ஒவ்வொண்ணும் முன்னாடி இருக்கறதை நம்பித்தான் நிக்குது."

"சரி, கொஞ்சம் ஆடட்டும். எண்பத்தேழு பத்தொன்பதாவா ஆடும்?"

"ஆடும். கடைசில எல்லாத்தையும் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவுல அமுக்கறாங்க. ரெண்டுங்கெட்டான் இடத்துல இருக்கற எழுத்து லேசா நகந்தாலே எண் எங்கயோ எகிறிடும். எண்பத்தேழுன்னா நூத்துல எண்பத்தேழு வரி மிஷின் எழுதுச்சுன்னு அர்த்தம் இல்ல சார். அதோட சந்தேகத்துக்கு அது போட்டுக்கற மார்க்கு, அவ்வளவுதான். இந்தம்மா வக்கீல் நோட்டீஸ் டைப் அடிச்சு வளந்தவங்க. வாக்கியம் ஒழுங்கா, சொன்ன பேச்சு கேக்கற மாதிரி வரும். அதுதான் குத்தம்."

சொல்லி முடித்து நாற்காலியில் சாய்ந்தேன். இதற்கு மேல் என்ன இருக்கிறது? பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். அடிக்கோடு குழந்தை இல்லை, துறைத் தலைவர்.

அவர் நிதானமாகச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். இப்பத்தான் எனக்கு விளங்குது. ரெண்டு ஸ்பேஸ் விட்டா ஸ்கோர் குறையும். இந்தம்மா ஃபைல் முழுக்க ரெண்டு ஸ்பேஸ் விட்டிருக்காங்க. அப்ப மிஷினை ஏமாத்தணும்னே பண்ணியிருக்காங்க!"

நூலகர் தலையை ஆட்டினார். அவருக்கு அது நிம்மதி. தப்பு தன்னுடையது இல்லை என்றாகிவிட்டதே. நான் விரித்த பாயிலேயே அந்தப் பெண்ணைக் கிடத்திவிட்டார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"சார், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள் அவள். "முற்றுப்புள்ளி வச்சா ரெண்டு தட்டு. கை தானா போயிடும். இந்த மிஷின் அப்ப பொறக்கவே இல்ல."

"அதுக்கு என்னம்மா சாட்சி?"

"உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க" என்றேன் நான். குரல் உயர்ந்துவிட்டது. "இப்பவே. உங்க தலைப்பு, உங்க கம்ப்யூட்டர், உங்க கண்ணு."

மறுக்க அவருக்குக் காரணம் அகப்படவில்லை. 'வகுப்பறையில் தவறுகளின் பயன்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்கள் விசைப்பலகையைப் பார்க்காமலே ஓடின. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கட்டைவிரல் டக் டக் என்று இரண்டு தடவை விழுந்தது. அடிக்கோடு எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். சோதனைச் சாவடியில் வண்டி மறிக்கிறவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு, டக் டக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கம் எழுதி எழுந்தாள். நூலகர் அப்படியே போட்டார்: பதினாறு. இரட்டை இடைவெளியைத் துடைத்துவிட்டுப் போட்டார்: எண்பத்து மூன்று.

கண்ணெதிரே ஒரு மனுஷி உட்கார்ந்து எழுதியதை, மனுஷி எழுதவில்லை என்கிறது திரை. அடிக்கோடு திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்று அந்த மனிதர் நிஜமாகவே யோசித்தார். நான் அதைப் பார்த்தேன். எத்தனை பட்டங்கள், எத்தனை கட்டுரைகள் அந்தத் தலைக்குள்! அருவருப்பாக இருந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமினார். "சரி, விவகாரத்தை வளக்க வேணாம். சுமுகமா முடிச்சிடலாம்."

ஆணையை அங்கேயே எழுதினார்கள். நூலகர் தட்டினார், அடிக்கோடு சொன்னார். "மூல வடிவத்தில் மறுபரிசோதனை செய்ததில் மதிப்பெண் பத்தொன்பது என வந்துள்ளது. இது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதால் ஆய்வேடு ஏற்றுக்கொள்ளப்படுகிறது." பத்து நிமிஷத்துக்கு முன்னால் மோசடியாக இருந்த இரட்டை இடைவெளி, இப்போது 'மூல வடிவம்' ஆகிவிட்டது. மென்பொருளும் தப்பு செய்யவில்லை, குழுவும் தப்பு செய்யவில்லை. எல்லோரும் உத்தமர்கள். இவ்வளவு அழகாகப் பூசி மெழுகுகிற கையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அவள் தாளை வாங்கி நிதானமாக ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

"சார், இதை நான்தான் எழுதினேன்னு இதுல எங்கயும் இல்லையே."

"பாஸ் ஆகிட்டீங்களேம்மா. அதுக்கு மேல என்ன வேணும்?"

"ஒரு வரி சார். இப்ப நீங்களே பாத்தீங்கள்ல?"

"பாத்ததை எல்லாம் ஆர்டர்ல எழுத முடியாதும்மா. ஸ்கோரை மட்டும்தான் எழுத முடியும். விதி அப்படி."

"நான் எழுதறேன்" என்றேன். "மாற்றுக் கருத்துன்னு தனியா எழுதி, இந்த மிஷினையே குப்பையில போடச் சொல்றேன்."

"தாராளமா எழுதுங்க மேடம்" என்றார் அடிக்கோடு. "ஆனா குழுவுக்குள்ள கருத்து வேறுபாடு இருந்தா ஃபைல் மேலிடத்துக்குப் போகும். அடுத்த பருவம் ஆகிடும். உங்க இஷ்டம்."

நான் பேனாவை எடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, அடிக்கோடு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், தாளை அவர் பக்கம் நகர்த்தினாள், "நன்றி சார்" என்றாள். அந்த நன்றியில் துளி நன்றிகூட இல்லை. அடிக்கோடு தன் கையெழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

வராந்தாவில் அவளை எட்டிப் பிடித்தேன். எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை.

"ஏன் கையெழுத்து போட்டே? இன்னும் கொஞ்சம் நின்னிருந்தா அந்த ஆளை மண்டியிட வச்சிருப்பேன். எல்லாமே நம்ம பக்கம் இருந்துச்சே!"

"அடுத்த பருவம்னா எனக்கு வேலை இருக்காது மேடம்."

"அதுக்காக? நீ எழுதினதை நீ எழுதினேன்னு சொல்லக்கூட..."

அவள் நின்றாள். உள்ளே அடிக்கோட்டை நான் எப்படிப் பார்த்தேனோ, அதே பார்வையை முதல் தடவையாக என்மேல் திருப்பினாள்.

"உள்ள நீங்க நல்லா ஜெயிச்சீங்க மேடம். நான் பாஸ்தான் ஆனேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவளுக்குச் சாயங்கால வகுப்பு இருந்தது.